தீர்மானப் பதிவேட்டைச் சுருக்கும்போது வினைமுற்றைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் முடிந்ததும் அதன் நடவடிக்கைக் குறிப்பைப் படித்து, எடுத்த முடிவுகள், ஒப்புதலான நிதி, அலுவலகம் செய்ய வேண்டிய வேலைகள் என்று பிரித்து ஒரே தாளில் தரும்படி தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். குறிப்பு ஆறேழு பக்கம் இருக்கும். போன முறை நான் எழுதிக் கொடுத்ததை வைத்துப் பொருள் வாங்கப் போனபோது, "குழு இதற்கு ஒப்புதல் தரவே இல்லையே" என்று குழுத் தலைவர் கேட்டுவிட்டார். குறிப்பில் இருந்ததைத்தான் எழுதினேன். எங்கே தவறுகிறேன்?
— இளநிலை உதவியாளர், விழுப்புரம் மாவட்டம்

பதில்:

அன்புடையீர், நடவடிக்கைக் குறிப்பில் இருக்கும் வாக்கியங்கள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. அவற்றின் எடை பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் இருக்கிறது. "மாற்றலாம் எனக் கருதப்பட்டது", "மாற்ற வேண்டும் என வலியுறுத்தப்பட்டது", "மாற்றித் தருவதாகத் தெரிவித்தார்", "மாற்ற ஒப்புதல் அளித்துத் தீர்மானிக்கப்பட்டது" என்னும் நான்கும் ஒரே பொருளைப் பற்றியவையாக இருக்கலாம். ஆனால் முதலாவது கருத்து, இரண்டாவது கோரிக்கை, மூன்றாவது ஒருவர் கொடுத்த வாக்கு, நான்காவது மட்டுமே முடிவு. சுருக்கும் அவசரத்தில் நாம் பொருளை வைத்துக்கொண்டு வினைமுற்றைக் கழித்துவிடுகிறோம். "கழிவறைக் கதவு மாற்றுதல்" என்று ஒரு வரி எழுதியதும் நான்கும் ஒன்றாகிவிடுகின்றன. உங்கள் குழுத் தலைவர் கேட்ட கேள்வி பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் பிறந்திருக்கும்.

நானும் இளநிலை உதவியாளராக இருந்தபோது இதையே செய்தேன். ஒரு பள்ளியில் கணினிகளைப் பழுது பார்ப்பது பற்றிக் குறிப்பில் "செய்யலாம் எனக் கருதப்பட்டது" என்று இருந்ததை, என் சுருக்கத்தில் "பழுது பார்க்க முடிவு" என்று எழுதினேன். அந்த ஒரு வரியை நம்பிப் பணி ஆணை போனது, வேலை முடிந்தது, கடைக்காரர் பட்டியலோடு வந்தார். தீர்மான எண் கேட்டபோதுதான் அப்படி ஒன்று இல்லை என்று தெரிந்தது. தணிக்கையில் அந்தச் செலவு தடைக் குறிப்பாக நின்றது. அதைத் தீர்க்க இரண்டு ஆண்டுகள் கடிதம் எழுதினோம். வேலை நேர்மையாக நடந்தது, பணம் யார் கைக்கும் தவறாகப் போகவில்லை. ஆனாலும் ஒரு வினைமுற்றை நான் மாற்றியதற்கு அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் விளக்கம் எழுத வேண்டியிருந்தது. அந்த வருத்தம் இன்னும் என்னிடம் இருப்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி ஒரு கூட்டத்தைக் கற்பனையாக வைத்துக்கொண்டு வேலையைச் செய்து பார்ப்போம். ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை 212 மாணவர்கள் படிக்கும் பள்ளி, ஜூலை மாதக் கூட்டம் என்று கொள்ளுங்கள். குறிப்பின் நடுப்பகுதி இப்படி இருக்கிறது:

"மாணவியர் கழிவறையின் நான்கு கதவுகள் உடைந்திருப்பதை உறுப்பினர்கள் எடுத்துரைத்தனர். ஏறத்தாழ 18,000 ரூபாய் ஆகும் எனத் தலைமையாசிரியர் தெரிவித்தார். பள்ளி மானியத்திலிருந்து நான்கு கதவுகளையும் மாற்ற ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது (தீர்மானம் 3). கை கழுவும் இடத்தில் ஐந்து குழாய்கள், ஒன்று 650 ரூபாய் வீதம், மொத்தம் 3,520 ரூபாய்க்குப் பள்ளி மானியத்திலிருந்து வாங்க ஒப்புதல் அளிக்கப்பட்டது (தீர்மானம் 4). தண்ணீர்த் தொட்டியை மாதம் ஒரு முறை சுத்தம் செய்ய வேண்டும் எனத் தலைவர் கேட்டுக்கொண்டார். மோட்டார் பழுது பார்த்த வகையில் செலவான 2,150 ரூபாய் ஏற்கப்பட்டது (தீர்மானம் 5). ஆண்டு விழாவுக்குப் பெற்றோர் ஆசிரியர் கழக நிதியிலிருந்து 8,000 ரூபாய் செலவிடத் தீர்மானிக்கப்பட்டது (தீர்மானம் 6). வாயிலில் மழைநீர் தேங்குவது பற்றி ஊராட்சி மன்றத்தில் பேசுவதாக வார்டு உறுப்பினர் தெரிவித்தார். தொடர்ந்து வராத மூன்று மாணவர்களின் வீட்டுக்குச் சென்று பார்க்க உரிய நடவடிக்கை எடுக்கத் தீர்மானிக்கப்பட்டது (தீர்மானம் 7)."

முதலில் பென்சிலை எடுத்து, எழுதத் தொடங்காமல், ஒவ்வொரு வாக்கியத்தின் வினைமுற்றுக்கும் கீழே கோடிடுங்கள். இந்தப் பத்தியில் பேசப்பட்ட பொருள்கள் ஏழு. ஆனால் தீர்மான எண் பெற்றவை ஐந்துதான். தொட்டி சுத்தம் செய்வது கோரிக்கை, மழைநீர் பற்றிப் பேசுவது வாக்கு. இவை இரண்டும் தேவையானவையே, உங்கள் தாளில் இவற்றுக்கும் இடம் உண்டு. ஆனால் "முடிவுகள்" என்ற தலைப்பின் கீழ் இவை வரக் கூடாது. தொட்டியைச் சுத்தம் செய்யத் தலைமையாசிரியர் தம் அதிகாரத்திலேயே ஆணையிடலாம், அதற்குக் குழுவின் தீர்மானம் தேவையில்லை. அப்படி அவர் ஆணையிட்டால் அது அவருடைய ஆணையாகப் பணிப் பட்டியலில் ஏறும், தீர்மான எண்ணோடு ஏறாது.

தீர்மானம் 3-ஐப் பாருங்கள். கதவுகளை மாற்றுவது முடிவு என்பதில் ஐயமில்லை, நிதி எதிலிருந்து என்பதும் தெளிவு. ஆனால் 18,000 என்ற தொகை எங்கே இருக்கிறது? தலைமையாசிரியர் "ஏறத்தாழ" என்று சொன்ன மதிப்பீட்டில் இருக்கிறது, தீர்மானத்தின் உள்ளே இல்லை. நீங்கள் "18,000 ரூபாய்க்கு ஒப்புதல்" என்று எழுதினால் குழு சொல்லாத ஒரு வரம்பை நீங்கள் உண்டாக்கியவர் ஆகிறீர்கள். பட்டியல் 19,400 ரூபாய்க்கு வந்தால் அது வரம்பை மீறியதாகத் தோன்றும். 16,000-க்கு வந்தால் மீதி 2,000 ரூபாய்க்கு ஒப்புதல் இருப்பதாகவும் யாரேனும் எண்ணக்கூடும். சரியான வரி இதுதான்: "நான்கு கதவுகள் மாற்ற ஒப்புதல், பள்ளி மானியம், தொகை வரம்பு தீர்மானத்தில் இல்லை, தலைமையாசிரியரின் மதிப்பீடு 18,000." இந்த வரியைப் பார்த்ததும் தலைமையாசிரியர் செய்ய வேண்டியது அவருக்கே புரியும். விலைப்புள்ளிகள் வாங்கிக் குறைந்த தொகையை அடுத்த கூட்டத்தில் வைத்து வரம்பைத் தீர்மானமாக்கிக்கொள்வார். குறிப்பு எழுதுபவரிடம், இனிமேல் "இத்தனை ரூபாய்க்கு மிகாமல்" என்ற சொற்களைத் தீர்மானத்துக்குள்ளேயே எழுதும்படி கேட்டுக்கொண்டால் இந்தச் சிக்கலில் பாதி எழாது.

தீர்மானம் 4-இல் வேறு வகைத் தவறு இருக்கிறது. ஐந்து குழாய், ஒன்று 650 ரூபாய் என்றால் 3,250. குறிப்பில் 3,520 என்று இருக்கிறது. எழுதும்போது இரண்டு எண்கள் இடம் மாறியிருக்கலாம், அல்லது குழாயின் விலை 704 ரூபாயாக இருந்து 650 என்று தவறாக எழுதப்பட்டிருக்கலாம். எது உண்மை என்று உங்களுக்குத் தெரியாது. ஆகவே எதையும் அமைதியாகத் திருத்தி எழுதாதீர்கள். சுருக்கத்தில் இரண்டையும் எழுதி, "பெருக்கித் தொகை பொருந்தவில்லை, விலைப்புள்ளியுடன் ஒப்பிட வேண்டும்" என்று குறியுங்கள். பதிவேட்டில் திருத்தம் வேண்டுமானால் பழைய எண்ணை ஒரே கோட்டால் அடித்து, அது படிக்கும்படி இருக்க, பக்கத்தில் சரியான எண்ணை எழுதித் தலைமையாசிரியரும் குழுத் தலைவரும் தேதியுடன் கையொப்பமிட வேண்டும். வெள்ளை மை பூசுவதும் தாளைச் சுரண்டுவதும் கூடவே கூடாது. எல்லாத் தொகைகளையும் ஒரு முறை நீங்களே பெருக்கிக் கூட்டிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. சுருக்கம் எழுதுபவர் செய்யாவிட்டால் வேறு எவரும் அதைச் செய்வதில்லை.

தீர்மானம் 5 பின்னேற்பு. மோட்டார் பழுதானபோது தலைமையாசிரியர் தம் கைப்பணத்தைக் கொடுத்துச் சரி செய்திருக்கிறார். இதைப் புதிய ஒப்புதலோடு சேர்த்து எழுதினால், இன்னொரு முறை மோட்டார் பழுது பார்க்க 2,150 ரூபாய் இருப்பதாக அலுவலகத்தில் படிப்பார்கள். இங்கே வேலை பொருள் வாங்குவது அன்று. பற்றுச்சீட்டைத் தீர்மான நகலோடு இணைத்து, ரொக்கப் பதிவேட்டில் உரிய பதிவு செய்து, அவருக்குத் திருப்பித் தரும் தொகைக்கு ஏற்பாடு செய்வது. ஆகவே "ஏற்கெனவே செலவானது, பின்னேற்பு" என்று தனித்து எழுதுங்கள். எந்த நிதியிலிருந்து என்பதைத் தீர்மானம் 5 சொல்லவே இல்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். அதுவும் தலைமையாசிரியருக்கான ஒரு கேள்வி.

தீர்மானம் 6-தான் இந்தக் கூட்டத்திலேயே ஆபத்தானது. வாக்கியம் முழுமையாக இருக்கிறது, தொகை இருக்கிறது, நிதி இருக்கிறது, "தீர்மானிக்கப்பட்டது" என்ற சொல்லும் இருக்கிறது. ஆனால் பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு அமைப்பு. அதற்குத் தனிச் செயற்குழு, தனிப் பொருளாளர், தனி வங்கிக் கணக்கு உண்டு. பள்ளி மேலாண்மைக் குழு, 2009-ஆம் ஆண்டு இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்கீழ் அமைந்தது. பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும், பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரித்துப் பரிந்துரைப்பதும், அரசும் உள்ளாட்சியும் பிற வழிகளும் தரும் மானியங்கள் எப்படிச் செலவாகின்றன என்று பார்ப்பதும் அதன் பணிகள். கழகத்தின் கணக்கிலிருந்து காசோலை எழுத ஒப்புதல் தருவது கழகத்தின் வேலை. இரண்டு அமைப்புகளிலும் அதே பெற்றோர் சிலர் இருப்பதாலும், இரண்டு கூட்டமும் சில ஊர்களில் ஒரே நாளில் நடப்பதாலும் இந்தக் கலப்பு அடிக்கடி நேர்கிறது. உங்கள் சுருக்கத்தில் இது நிதி ஒப்புதல் பகுதிக்குள் வரக் கூடாது. "கழகச் செயற்குழுவுக்குப் பரிந்துரை, கழகத் தீர்மானம் பெற வேண்டும்" என்று முடிவுகள் பகுதியில் எழுதுங்கள். சொற்களை மாற்றுகிறோமே என்று தயங்க வேண்டாம். பதிவேட்டின் வாசகத்தை அப்படியே மேற்கோளில் கொடுத்துவிட்டு, அதன் கீழே உங்கள் குறிப்பை எழுதினால் எது குழுவின் சொல், எது அலுவலகத்தின் குறிப்பு என்று பார்ப்பவருக்கு விளங்கும்.

இப்போது நிதிப் பகுதிக்கு வருவோம். இங்கே பெரும்பாலான சுருக்கங்கள் ஒப்புதல் தொகையை மட்டும் எழுதி நின்றுவிடுகின்றன. ஒப்புதல், விடுவிப்பு, செலவு என்னும் மூன்றும் மூன்று வேறு எண்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையை வைத்துத் தரப்படுகிறது. திட்டத்தின் வழிகாட்டு நெறிகளில் 101 முதல் 250 வரை மாணவர்கள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்று இருக்கிறது. ஆகவே 212 மாணவர்கள் உள்ள நம் பள்ளிக்கும் அதுதான். ஆனால் அந்தத் தொகை ஒரே நாளில் கைக்கு வருவதில்லை. நம் எடுத்துக்காட்டில் ஜூலை வரை 25,000 ரூபாய் விடுவிக்கப்பட்டிருக்கிறது, ஜூன் மாதம் எழுதுபொருளுக்கும் மின்விசிறிப் பழுதுக்கும் 9,400 செலவாகிவிட்டது என்று கொள்ளுங்கள். கையில் இருப்பது 15,600.

இந்தக் கூட்டம் அந்த மானியத்தின் மேல் ஏற்றியிருப்பது எவ்வளவு? கதவுகள் 18,000, குழாய்கள் 3,250 என்று கொண்டால் 21,250. மோட்டார் செலவும் இதிலிருந்துதான் என்று தலைமையாசிரியர் சொன்னால் 2,150 சேர்ந்து 23,400. இருப்பு 15,600 என்பதால் 7,800 ரூபாய் குறைகிறது. ஆண்டு மானியம் முழுவதும் வந்துவிட்டால் இந்தக் குறை நீங்கிவிடும், அப்போதும் 17,200 மீதி இருக்கும். ஆகவே குழு செய்தது தவறில்லை, ஒப்புதல் செல்லும். ஆனால் இன்றைக்கே மூன்றுக்கும் பணம் கொடுக்க முடியாது. எதை முதலில் செய்வது என்று குறிப்பில் இல்லை. கதவுதான் அவசரம் என்று உங்களுக்குத் தோன்றலாம், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனாலும் வரிசையை நீங்கள் தீர்மானிக்கக் கூடாது. "இருப்பு 15,600, ஒப்புதலான வேலைகளின் உத்தேசச் செலவு 23,400, முன்னுரிமை தெரிவிக்க வேண்டும்" என்று எழுதி வைப்பதோடு உங்கள் வேலை முடிகிறது. இந்த ஒரு வரிக்காகவே தலைமையாசிரியர் உங்கள் தாளைத் தேடிப் படிப்பார்.

இருப்பை எங்கே பார்ப்பது என்பதில் ஒரு மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. 2021 ஜூலை முதல் மத்திய அரசு பங்கேற்கும் திட்டங்களின் பணம் மாநில அளவிலான ஒற்றை முனை முகமையின் கணக்கில் இருக்கும், பள்ளியின் கணக்கு இருப்பில்லாக் கணக்காக அதனோடு இணைந்திருக்கும் என்று முறை வந்தது. பள்ளிக்குச் செலவு வரம்பு மட்டுமே ஒதுக்கப்படும். அதனால் வங்கிப் புத்தகத்தில் சுழியம் என்று இருப்பதைப் பார்த்து "நிதி இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். பழைய புத்தகத்தில் இருக்கும் தொகையைப் பார்த்து "நிதி உண்டு" என்றும் எழுதிவிடாதீர்கள். பொது நிதி மேலாண்மை முறையின் இணையப் பக்கத்தில் அன்றைய வரம்பைப் பார்த்து, பார்த்த தேதியையும் சேர்த்து எழுதுங்கள். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. செலவிடாத வரம்பு அதோடு போய்விடக்கூடும் என்பதால் ஜனவரிக்குப் பிறகு எழுதும் சுருக்கங்களில் மீதி வரம்பைத் தாளின் மேலேயே எழுதுவது நல்லது. இந்த மானியத்தில் குறைந்தது பத்து விழுக்காடு தூய்மைப் பணிகளுக்குச் செலவாக வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. நம் பள்ளிக்கு அது 5,000 ரூபாய். கழிவறை, கை கழுவும் இடம் தொடர்பான ஒப்புதல்களின் பக்கத்தில் "தூய்மை" என்று ஒரு சொல் எழுதி வைத்தால் பயன்பாட்டுச் சான்றிதழ் எழுதும் நாளில் பழைய பற்றுச்சீட்டுகளைக் கொட்டித் தேட வேண்டியிருக்காது.

மூன்றாவது பகுதியான பணிகளில் நம் மொழியே நமக்குத் தடையாக நிற்கிறது. "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற வாக்கியத்தில் செய்பவர் இல்லை. செயப்பாட்டு வினையில் செய்பவரைச் சொல்லாமலேயே வாக்கியம் முடிந்துவிடும், அலுவலகக் குறிப்புகளில் அது பழகியும்விட்டது. தீர்மானம் 7 அப்படிப்பட்டது. வராத மாணவர்களின் வீட்டுக்குச் செல்ல வேண்டும் என்பது முடிவு. யார் செல்வது, வகுப்பாசிரியரா, குழு உறுப்பினரா, இருவருமா, எந்தத் தேதிக்குள் என்பது ஒன்றும் இல்லை. இதை நீங்கள் "வகுப்பாசிரியர் செல்ல வேண்டும்" என்று எழுதினால், ஓர் ஆசிரியருக்கு இளநிலை உதவியாளர் பணி ஒதுக்கியது போலாகிவிடும். அதனால் வரும் மனவருத்தம் ஒரு புறம், அது முறையும் ஆகாது. பணி ஒதுக்குபவர் தலைமையாசிரியர். உங்கள் தாளில் பெயர் வர வேண்டிய இடத்தை வெற்றிடமாக விட்டு, பென்சிலால் உங்கள் முன்மொழிவை எழுதி, அவரிடம் கொடுங்கள். அவர் மையால் நிரப்பிக் கையொப்பமிட்ட பிறகுதான் அது பணிப் பட்டியல் ஆகிறது, அதுவரை அது வரைவு. கையொப்பமில்லாத தாளை எவருக்கும் நகல் தராதீர்கள்.

ஒவ்வொரு பணிக்கும் யார், எப்போது என்பவற்றோடு இன்னொன்றும் வேண்டும். பணி முடிந்தது என்பதற்கு என்ன சான்று கோப்பில் சேரும் என்பதை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். "கதவு மாற்றுதல்" என்பது பணியாகாது. அதற்குள் நான்கைந்து வேலைகள் அடங்கியிருக்கின்றன: விலைப்புள்ளிகள் கேட்டு வாங்குவது, ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்துத் தலைமையாசிரியரிடம் வைப்பது, பணி ஆணை, பொருள் வந்ததும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றுவது, பட்டியலின் மேல் அந்தப் பதிவேட்டுப் பக்க எண்ணை எழுதிப் பணம் வழங்கக் கோப்பு வைப்பது. இவற்றில் இப்போது செய்ய வேண்டிய அடுத்த வேலையை மட்டும் சுருக்கத்தில் எழுதினால் போதும். "விலைப்புள்ளிகள் பெறுதல், இளநிலை உதவியாளர், ஜூலை 25-க்குள், சான்று: ஒப்பீட்டுப் பட்டியல்" என்று இருந்தால் ஜூலை 25 அன்று வேலை முடிந்ததா இல்லையா என்பதில் வாதம் எழாது. முழுச் சங்கிலியையும் ஒரே தாளில் எழுதினால் தாள் நிரம்பும், படிப்பவர் எதில் தொடங்குவது என்று தடுமாறுவார்.

வார்டு உறுப்பினர் கொடுத்த வாக்கை என்ன செய்வது? அவருக்கு அலுவலகம் பணி ஒதுக்க முடியாது. ஆனால் அதை விட்டுவிட்டால் அடுத்த கூட்டத்தில் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள், மழை வந்துவிடும். ஆகவே அலுவலகத்தின் பணியாக ஒன்றை எழுதுங்கள்: அடுத்த கூட்ட அறிவிப்பு அனுப்புவதற்கு முந்தைய வாரம் அவரிடம் நிலையைக் கேட்டுக் குறித்து வைப்பது. எழுத்துமூலம் ஊராட்சிக்குக் கடிதம் அனுப்பத் தலைமையாசிரியர் விரும்பினால் அது தனிக் கோப்பாகட்டும்.

வராத மாணவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஆறு பக்கக் குறிப்பில் அந்தப் பிள்ளைகளின் பெயரும் வீட்டு நிலைமையும் எழுதப்பட்டிருக்கலாம். உங்கள் தாள் அலுவலக மேசைகளில் கிடக்கும், சில பள்ளிகளில் அறிவிப்புப் பலகைக்கும் போகும். ஒரு பிள்ளை வேலைக்குப் போகிறது, ஒரு பெண்ணுக்குத் திருமணம் பேசுகிறார்கள் என்பது அங்கே ஒட்டப்பட்டால் அந்தப் பிள்ளை திரும்பி வரும் வழியை நாமே அடைத்தவர்கள் ஆவோம். "மூன்று மாணவர்கள், விவரம் வகுப்பாசிரியரிடம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதில் மட்டும், சுருக்கம் முழுமையாக இல்லையே என்று யாராவது குறை சொன்னாலும் இணங்க வேண்டாம்.

தாளின் அமைப்பைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. மேலே கூட்டத் தேதி, பதிவேட்டின் பக்க எண்கள், வந்திருந்த உறுப்பினர் எண்ணிக்கை. பிறகு நீங்கள் கேட்ட மூன்று பகுதிகள். நான்காவதாக "தெளிவுபடுத்த வேண்டியவை" என்று ஒரு பகுதியை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டில் அங்கே ஐந்து வரிகள் வரும்: கதவுக்குத் தொகை வரம்பு, குழாய்த் தொகையில் முரண், மோட்டார் செலவுக்கு எந்த நிதி, முன்னுரிமை வரிசை, வீட்டுக்குச் செல்பவர் யார். தொடக்கத்தில் இந்தப் பகுதியைச் சேர்க்கப் பலரும் கூச்சப்படுகிறார்கள், குறிப்பு எழுதிய ஆசிரியரைக் குறை சொல்வது போலாகுமே என்று. கேள்விகளைத் தலைமையாசிரியரிடம் மட்டும் வைத்து, அவர் பதில் எழுதிய பிறகு அந்தப் பகுதியை நீக்கிவிட்டு நகல் எடுத்தால் அந்தச் சங்கடமும் இல்லை. நிதிப் பகுதியில் ஒரு பதிவு இப்படி இருக்கலாம்:

"தீர்மானம் 4, பதிவேடு பக்கம் 41. கை கழுவும் இடத்துக்குக் குழாய் 5. ஒப்புதல்: 3,250 (தலைமையாசிரியர் தெளிவுபடுத்தியபடி, பதிவேட்டில் திருத்தம் கையொப்பமாகியுள்ளது). நிதி: பள்ளி மானியம், தூய்மை. செலவு இதுவரை: இல்லை."

தாளின் அடியில் "இது தீர்மானப் பதிவேட்டுக்கு மாற்றன்று" என்று ஒரு வரி எழுதுங்கள். பணி ஆணையிலும் பணம் வழங்கும் கோப்பிலும் மேற்கோளாக வர வேண்டியது பதிவேட்டின் தீர்மான எண்ணும் பக்கமும்தான். தணிக்கையாளர் கேட்டாலும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யாரேனும் விண்ணப்பித்தாலும் தர வேண்டியது பதிவேட்டின் நகலே. பெற்றோர் செயலியில் தீர்மானங்களை ஏற்றும் வேலை உங்களிடம் இருந்தால் அதையும் சுருக்கத்தைப் பார்த்து ஏற்றாமல் பதிவேட்டைப் பார்த்தே ஏற்றுங்கள். சுருக்கத்தில் ஒரு பிழை இருந்தால் அது இரண்டாவது இடத்துக்கும் பரவாமல் நிற்கும்.

எழுதி முடித்த பிறகு சரிபார்க்க எனக்குப் பயன்பட்ட வழி, தாளிலிருந்து பதிவேட்டுக்குத் திரும்பிப் போவது. தாளில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் பதிவேட்டில் விரல் வைக்க ஒரு வாக்கியம் இருக்கிறதா என்று பாருங்கள். விரல் வைக்க இடம் கிடைக்காத வரி நீங்கள் கூட்டியது. பிறகு பதிவேட்டில் உள்ள தீர்மான எண்களை வரிசையாகத் தாளில் தேடுங்கள். காணாத எண் நீங்கள் விட்டது. நம் எடுத்துக்காட்டில் தீர்மானம் 1, 2 ஆகியவை நான் மேற்கோள் காட்டிய பத்திக்கு முன்னே இருப்பவை. வழக்கமாகச் சென்ற கூட்ட நடவடிக்கையை உறுதி செய்தல், அதன் மீது எடுத்த நடவடிக்கைகளைப் பதிவு செய்தல் என்று அவை இருக்கும். சம்பிரதாயம் என்று எண்ணி அவற்றைத் தாண்டிவிடுவது வழக்கம். ஆனால் சென்ற மாதம் முடியாத பணிகள் அந்த இரண்டாவது தீர்மானத்துக்குள்தான் ஒளிந்திருக்கும். அவற்றையும் இந்த மாதப் பணிகளோடு, முதலில் எந்தக் கூட்டத்தில் வந்தது என்ற தேதியுடன், எடுத்து எழுதுங்கள்.

கூட்டம் முடிந்த இரண்டு வேலை நாளுக்குள் வரைவைத் தலைமையாசிரியரிடம் வைத்துவிடுவது நல்லது. பேசியது எல்லோர் நினைவிலும் இருக்கும்போதுதான் 650-ஆ, 704-ஆ என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். அவர் கையொப்பமிட்ட தாளைக் கூட்டக் கோப்பில் சேர்த்து, தேதி குறித்த ஒவ்வொரு பணியையும் உங்கள் நினைவூட்டுப் பதிவேட்டில் அந்தந்தத் தேதியின் பக்கத்தில் எழுதிவிடுங்கள். குழுத் தலைவருக்கும் ஒரு நகல் கொடுங்கள். போன மாதம் உங்களிடம் கேள்வி கேட்டவர் அவர்தான் என்பதால், இந்த மாதத் தாளைக் கடைக்குப் போவதற்கு முன்பே அவர் ஒரு முறை படித்துவிடட்டும்.